உயில் எழுதாவிட்டால் வீடு யாருக்குப் போகும்?

பத்தாங் பெர்ஜுந்தையில் எங்கள் தாமானில் இருப்பவர்களில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பா அம்மா பால் வெட்டியிருப்பார்கள், பிள்ளைகள் லோரி ஓட்டியோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தோ ஒரு மலிவு விலை வீடு வாங்கியிருப்பார்கள். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. நான் 18 வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருந்தேன். இறந்தவர்களின் சொத்து சம்பந்தமான ஃபைல்கள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும்.

கணவரைப் பறிகொடுத்த அக்காமார்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டு கெரான், இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சூராட் பெரானாக். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார்கள். எல்லாம் வைத்து முடித்த பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, ரிஜிஸ்டர் பண்ண சர்டிபிகேட் எங்க?" என்பதுதான். சிலர் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் கல்யாண ஆல்பத்தை எடுத்து நீட்டுவார்கள். அந்த ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"நம்மகிட்ட என்ன பெரிய சொத்து இருக்கு, உயில் எல்லாம் டத்தோமார்களுக்குத்தானே" என்று சொல்பவர்கள்தான் இங்கே அதிகம். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் உயில் எழுதாமல் போனால் உங்கள் சொத்துக்கு உயில் இல்லாமல் போய்விடாது, அரசாங்கம் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருக்கிறது, அதுதான் நடக்கும். அதன் பெயர் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம். யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் அளந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

(நான் இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவில் இருக்கும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை தனி, அவர்கள் அதற்கென்று உள்ளவர்களிடம் கேட்க வேண்டும்.)

சரி, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு 46 வயது, லோரி ஓட்டுநர். மனைவி, 14 வயதில் ஒரு மகள், 9 வயதில் ஒரு மகன், கூடவே 72 வயது அம்மா. அப்பா இறந்துவிட்டார். கணவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது, கடன் அடைந்துவிட்டது, இன்றைய மதிப்பு 160,000 ரிங்கிட். வங்கியில் 8,000. ஒரு பழைய கார், விற்றால் 12,000 வரும். ஆக மொத்தம் 180,000 ரிங்கிட். இ.பி.எஃப். பணம் தனி, அதை இதில் சேர்க்கக்கூடாது, பிறகு வருகிறேன். கணவர் ஒரு நாள் இரவு ஓட்டத்தில் விபத்தில் இறந்துபோகிறார். உயில் இல்லை. ஈமச் சடங்குச் செலவும் கடன்களும் இருந்தால் முதலில் அவை போகும், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் யாரிடம் கேட்டாலும் "எல்லாம் பொண்டாட்டிக்குத்தான்" என்று சொல்வார்கள். நான் பார்த்த வரையில் நம் மக்களிடம் இருக்கும் மிகப் பெரிய தப்பு நம்பிக்கை இதுதான். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி. பெற்றோரில் ஒருவர் மட்டும் இருந்தாலும் அந்தக் கால் பங்கு முழுவதும் அவருக்கே. நம் கணக்கில் மனைவிக்கு 45,000, அம்மாவுக்கு 45,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 45,000. பெற்றோர் இருவருமே இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளை இல்லாத தம்பதி, மாமியார் மாமனார் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி. மனைவி மட்டும்தான் இருக்கிறார், பிள்ளையும் இல்லை பெற்றோரும் இல்லை என்றால்தான் முழுவதும் மனைவிக்கு.

காசாக இருந்தால் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டை எப்படிப் பிரிப்பது? கெரானில் நான்கு பேருக்கும் கால் கால் பங்கு என்று ஏறும். இரண்டு பேர் 18 வயது ஆகாத பிள்ளைகள், அவர்கள் கையெழுத்துப் போட முடியாது, அவர்கள் பங்கை வேறொருவர் பொறுப்பாளராக இருந்து வைத்திருக்க வேண்டும். நாளைக்கு அந்த மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுப் பக்கம் கிள்ளானுக்குப் போய்விடலாம், வீட்டை விற்றுவிடலாம் என்று நினைத்தால் சும்மா விற்றுவிட முடியாது. பிள்ளைகளின் பங்கு அதில் இருப்பதால் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும், எதற்காக விற்கிறோம், பிள்ளைகளின் பணம் எங்கே போகும் என்று காட்ட வேண்டும். கடைசி மகனுக்கு 18 வயது ஆக இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

"மாமியார் விட்டுக் கொடுத்துடுவாங்க" என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், நிறைய மாமியார்கள் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள், விசாரணை நாளில் நில அலுவலகத்துக்கு வந்து என் பங்கு மருமகளுக்கே என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போன பாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா அந்த விசாரணை வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும். நம் கணக்கில் அந்த அம்மா, மகன் போன துக்கத்திலேயே ஒரு வருடத்தில் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கால் பங்கு காற்றில் போகாது, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவருக்கு மொத்தம் நான்கு பிள்ளைகள். இறந்துபோன நம் லோரிக்காரர் ஒருவர், மற்ற மூன்று பேர் அவருடைய அண்ணன், தம்பி, தங்கை. அந்தக் கால் பங்கு நான்காகப் பிரியும். லோரிக்காரரின் பாகம் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கு வரும், மீதி மூன்று பாகம் அந்த மூன்று பேருக்கு. வீட்டில் ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 10,000 ரிங்கிட்.

பத்தாயிரத்துக்காக யாராவது சண்டை போடுவார்களா என்று கேட்காதீர்கள். போடுவார்கள். சண்டையே போடாவிட்டாலும் சிக்கல் சிக்கல்தான். ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், ஒருவரோடு பத்து வருடமாகப் பேச்சே இல்லை, எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். முதலில் மகனுடைய சொத்துக்கு ஒரு ஃபைல், அது முடியாமல் அம்மாவுடைய சொத்துக்கு இன்னொரு ஃபைல். நான் கையில் எடுத்த ஒரு ஃபைலில் மூன்று தலைமுறை இப்படி அடுக்கி நின்றது. தாத்தா பெயரிலேயே இருக்கும் வீட்டில் பேரன் குடியிருக்கிறான், வரியும் கட்டுகிறான், ஆனால் அதை அடகு வைக்கவும் முடியாது விற்கவும் முடியாது.

இது எல்லாமே பதிவுத் திருமணம் செய்த குடும்பத்துக்கு. இப்போது அந்த ஆல்பத்துக்கு வருகிறேன்.

1982 மார்ச் 1 முதல் இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால் பழைய தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, 20 வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் பதிவு செய்யவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி இல்லை. இன்னும் கொடுமை, அந்தப் பிள்ளைகளும் பகிர்வுச் சட்டத்தில் வரும் "பிள்ளை" என்ற சொல்லுக்குள் வர மாட்டார்கள். சூராட் பெரானாக்கில் அப்பா பெயர் இருந்தாலும் அப்படித்தான். அந்தத் தாள் யார் அப்பா என்று சொல்கிறது, பெற்றோருக்குச் சட்டப்படி கல்யாணம் ஆனது என்று சொல்லவில்லை.

அப்படியானால் நம் லோரிக்காரர் பதிவு செய்யாதவர் என்று வைத்துக் கணக்கை மறுபடியும் போடுங்கள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அம்மா மட்டும் இருக்கிறார். 180,000 ரிங்கிட்டும் அம்மாவுக்கு. அவர் போன பிறகு அவருடைய மற்ற மூன்று பிள்ளைகளுக்கு. வீட்டுக் கடன் கட்ட தன் தொழிற்சாலைச் சம்பளத்தைக் கொடுத்த அந்தப் பெண், இனி மாமியாரின் தயவில் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அல்லது நான் கட்டிய பணம் இது என்று நீதிமன்றத்தில் ரசீதோடு நிரூபிக்கப் போராட வேண்டும். இப்படி ஒரு அக்கா என் எதிரில் உட்கார்ந்து, "நான் யாரு அப்போ?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வளர்ப்புப் பிள்ளைகளும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். நம் தோட்டங்களில் அக்கா பிள்ளையை, பக்கத்து லயத்துப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது சாதாரணம். நீதிமன்றம் மூலம் முறையாகத் தத்தெடுத்த பிள்ளைக்குத்தான் இந்தச் சட்டத்தில் பங்கு. வீட்டோடு வைத்து வளர்த்தது கணக்கில் வராது. மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கும் உங்கள் சொத்தில் பங்கு கிடையாது, அவன் உங்களை அப்பா என்றே கூப்பிட்டாலும்.

இவர்கள் எல்லோருக்கும் உயில் கொடுக்க முடியும், அதுதான் விஷயம். உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பதிவு செய்யாத மனைவிக்கு, வளர்ப்பு மகளுக்கு, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட அண்ணன் மகனுக்கு. சட்டம் யாரைச் சொந்தம் என்று ஒத்துக்கொள்ளவில்லையோ அவர்களுக்குத்தான் உயில் ரொம்பவே வேண்டும். நான் பணக்காரர்களை விட இவர்களைப் பார்த்துத்தான் உயில் எழுதுங்கள் என்று கெஞ்சுவேன்.

எழுதும்போது "என் மனைவிக்கு", "என் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக எழுதாதீர்கள். சட்டப்படி மனைவி யார், பிள்ளை யார் என்ற கேள்வி மறுபடியும் முளைத்துவிடும். ஐ.சி.யில் உள்ளபடி முழுப் பெயர், ஐ.சி. எண், அப்புறம் தேவை என்றால் உறவு. எண் இருந்தால் வாதத்துக்கு இடமில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, விஷயம் தெரிந்தவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் அந்த உயில் செல்லாமல் போய்விடும். புதிதாகக் கல்யாணம் செய்பவர்களுக்கு இது புரியும். ஆனால் கோயிலில் 2005இல் தாலி கட்டியவர், போன வருடம் உயிலும் எழுதிவிட்டார், இந்த வருடம் நல்ல புத்தி வந்து அதே மனைவியோடு பதிவு அலுவலகம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு அன்றைக்குத்தான் கல்யாணம். அன்றைக்கே அந்த உயில் ரத்து. அவர் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பது வெறும் தாள். அதனால் வரிசை முக்கியம், முதலில் பதிவு செய்யுங்கள், அடுத்த வாரமே உயில் எழுதுங்கள். பதிவு செய்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, பெற்றோர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டாலும் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் ஆவதற்கு வழி இருக்கிறது. பதிவுக்கு நாள் ஆகும், அதற்குள் உயில் வேண்டும் என்றால் இன்னாரை மணக்கப் போவதை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன் என்று, அவருடைய பெயரோடு உயிலிலேயே எழுத வேண்டும். அப்படி எழுதினால் கல்யாணம் அதைக் கலைக்காது. விவாகரத்து நேர்மாறு, அது உயிலைத் தானாக ரத்து செய்யாது. பிரிந்துபோனவர் பெயர் பழைய உயிலில் இருந்தால் நீங்கள்தான் புது உயில் எழுத வேண்டும்.

சரி, உயில் என்றால் என்ன வேண்டும்? நினைப்பதை விடக் குறைவு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், நிதானமான மனநிலை, எழுத்தில் இருக்க வேண்டும், கடைசியில் உங்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். முத்திரைத் தாள் வேண்டாம், எங்கேயும் பதிவு செய்தாக வேண்டும் என்றும் இல்லை. தமிழில் எழுதினாலும் செல்லும், ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்க்க வேண்டியிருக்கும், அதனால் மலாயில் டைப் செய்து வைப்பது சுலபம். கையெழுத்துத் தெரியாத பாட்டிகள் கைநாட்டு வைக்கலாம், ஆனால் அவருக்குப் படித்துக் காட்டி அவர் புரிந்துகொண்டு வைத்தார் என்று அதிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "வீடு உனக்குத்தான்டா" என்று அப்பா அனுப்பிய குரல் பதிவைக் கொண்டு வருகிறார்கள், சாகும் தறுவாயில் எல்லோர் முன்னாலும் சொன்னாரே என்கிறார்கள். செல்லாது. பேச்சு உயில் ஆகாது.

சாட்சி விஷயத்தில்தான் நிறைய உயில்கள் கெட்டுப்போகின்றன. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போடுவதை இருவரும் பார்க்க வேண்டும், பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் போட வேண்டும். காலையில் ஒருவர் வந்து போட்டார், சாயங்காலம் ஷிப்ட் முடிந்து இன்னொருவர் வந்து போட்டார் என்றால் உயிலே செல்லாது. சாட்சிகள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தேவையில்லை, அதனால் ரகசியம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். இன்னொன்று, உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. இருந்தால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு மட்டும் செல்லாது. "நம்பிக்கையான ஆள்தானே" என்று மூத்த மகளையும் மருமகனையும் சாட்சி போட வைத்த ஒரு பெரியவரின் உயிலைப் பார்த்திருக்கிறேன். அந்த மகளுக்கு எழுதிய பங்கு போச்சு, அவர் யாருக்கு அதிகம் கொடுக்க நினைத்தாரோ அவருக்கே ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், கோயில் தலைவர், கூட வேலை செய்பவர், இப்படி உங்கள் சொத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு பேரைப் பிடியுங்கள், உங்களை விட வயதில் சிறியவர்களாக இருந்தால் நல்லது.

உயிலில் ஒரு நிர்வாகியை நியமிக்க வேண்டும். உங்கள் கடனை அடைத்து, சொத்தைச் சேர்த்து, எழுதியபடி கொடுப்பவர் அவர்தான். மனைவியே நிர்வாகியாகவும் இருக்கலாம் பங்கும் பெறலாம், அதில் தடை இல்லை. அவருக்கு முடியாமல் போனால் என்று இரண்டாவதாக ஒருவரையும் எழுதுங்கள். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் நீங்கள் இருவருமே இல்லாமல் போகும் நிலையில் யார் பாதுகாவலர் என்பதையும் உயிலிலேயே சொல்லலாம். வீட்டையும் காசையும் பற்றி யோசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முதலில் எழுத வேண்டியதாகத் தோன்றும்.

"உயில் எழுதினால் செலவு" என்பதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உயில் இல்லாமல் வீட்டோடு இறந்தவர்களின் சிறு சொத்துகளை மாவட்ட நில அலுவலகம் வழியாகவே பிரித்துக்கொள்ளலாம், நம் தாமான் வீடுகள் எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும், வழக்கறிஞர் இல்லாமலேயே செய்யலாம், கட்டணமும் குறைவு. உயில் இருந்தால் அது செல்லும் என்று உயர் நீதிமன்றம் கொடுக்கும் புரோபேட் ஆணையை எடுக்க வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வேண்டும். அதனால் எல்லா வகையிலும் உயில்தான் மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றோர் இல்லை, பிள்ளைகள் பெரியவர்கள், திருமணம் பதிவாகியிருக்கிறது, எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்றால் நில அலுவலக வழி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அங்கே சட்டம் சொல்லும் வாரிசுகள்தான் பேச முடியும், பதிவு செய்யாத மனைவிக்கும் வளர்ப்புப் பிள்ளைக்கும் சும்மா உட்கார்ந்து கேட்கத்தான் முடியும். உயில் இல்லாமல் நீதிமன்றம் போக நேர்ந்தால் அங்கே நிலைமை இன்னும் இறுக்கம். சொத்து மதிப்புக்கு ஜாமீன் நிற்க இரண்டு பேரைக் கொண்டு வா என்பார்கள், நீதிமன்றம் தள்ளுபடி செய்தால்தான் தப்பிக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால் நிர்வாகி ஒருவர் போதாது, இருவர் வேண்டும். லோரிக்காரர் வீட்டுக்கு 180,000 ரிங்கிட்டுக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? உயிலில் பெயர் எழுதப்பட்ட நிர்வாகிக்கு அந்த ஜாமீன் தொல்லை கிடையாது.

"உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வரும்" என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன், என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அவரிடம் நான் சொன்னது, "அம்மா, நீங்க மோட்டாருக்கு இன்சூரன்ஸ் எடுக்கலையா, அதனால மோட்டார் கீழே விழுந்துச்சா?" அவர் அதற்குச் சமாதானம் ஆகவில்லை. நான்கு மாதம் கழித்து, "அந்தக் காகிதத்தைக் கொண்டா" என்று அவராகவே கேட்டார்.

இ.பி.எஃப். பணத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு வீட்டை விட்டால் பெரிய சேமிப்பு அதுதான். அதற்கு உயில் உதவாது. இ.பி.எஃப்.பில் நீங்கள் யார் பெயரைப் போட்டு வைத்தீர்களோ அவருக்குத்தான் பணம் போகும், உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் போகும். நம் பிள்ளைகள் 19 வயதில் முதல் வேலைக்குச் சேரும்போது அம்மா பெயரைப் போடுகிறார்கள், கல்யாணம் ஆன பிறகு அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கல்யாணம் உயிலைக் கலைக்கும், இ.பி.எஃப். பெயரைக் கலைக்காது. நம் லோரிக்காரருக்கு அதில் 70,000 இருந்து, 25 வருடத்துக்கு முன் போட்ட அம்மா பெயர் அப்படியே இருந்தால் 70,000மும் அம்மாவுக்கு. ஐ.சி. எடுத்துக்கொண்டு இ.பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு தடவை போய், யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், மாற்ற வேண்டுமானால் அங்கேயே மாற்றுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரைப் போட்டு, யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் பிரிக்கலாம். ஆயுள் காப்புறுதிப் பத்திரத்திலும் போட்ட பெயரைப் பாருங்கள். தோட்டத்து லயத்து வீட்டில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த வீடு தோட்ட நிர்வாகத்துடையது, அதை உயிலில் எழுத முடியாது.

இப்போது நம் லோரிக்காரர், விபத்துக்கு ஒரு வருடம் முன்பே, பதிவும் செய்துவிட்டு இதை எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் தன் பெயர், ஐ.சி. எண், முன்பு எழுதிய உயில்கள் எல்லாம் ரத்து என்ற வரி. மனைவி நிர்வாகி, அவரால் முடியாவிட்டால் தங்கை. தானும் மனைவியும் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு மனைவியின் அக்கா பாதுகாவலர். வீடும் காரும் மனைவிக்கு. வங்கிப் பணம் எவ்வளவு இருக்கிறதோ அது அம்மாவுக்கு (தொகையை எழுதாமல் கணக்கை எழுதியது நல்லது, ஏனென்றால் தொகை மாறும்). மனைவி தனக்கு முன்பே இறந்துவிட்டால் அவர் பங்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக. இதில் சொல்லாத வேறு எது இருந்தாலும் மனைவிக்கு. இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விட்டால் உயிலில் பெயர் சொல்லாத சொத்து மறுபடியும் பகிர்வுச் சட்டத்துக்கே போய்விடும். இ.பி.எஃப்.பில் மனைவிக்கு 60 விழுக்காடு, அம்மாவுக்கு 40 என்று தனியாகப் போட்டுவிட்டார். மொத்தம் இரண்டு பக்கம். அம்மாவை அவர் கைவிடவில்லை, இ.பி.எஃப்.பில் 28,000, வங்கியில் 8,000, காசாகவே கிடைக்கிறது. வீடு மனைவி பெயரில் ஏறுகிறது, நாளைக்குக் கிள்ளானுக்குப் போக வேண்டுமென்றால் அவரே விற்கலாம்.

எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டேபிள் அடித்துவிட்டுப் பிறகு போட்டோகாப்பி எடுக்க அதைப் பிடுங்காதீர்கள், நடுவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதோ என்று கேள்வி வரும். மனம் மாறினால் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள், புதிதாக ஒன்று எழுதி மறுபடி இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுங்கள். நீதிமன்றம் அசலைத்தான் கேட்கும், நகலை வைத்துக்கொண்டு போனால் அசல் எங்கே, அவரே கிழித்துப் போட்டாரா என்று ஆரம்பிக்கும். அதனால் அசல் எந்த அலமாரியில், எந்த பிஸ்கட் டின்னில் இருக்கிறது என்று நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள். சாமி மேடைக்குக் கீழே ஒரு உறையில் இருந்த உயிலை, நில அலுவலகத்தில் பங்கு பிரித்து எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது எடுத்துக்கொண்டு என் மேசைக்கு ஒரு தம்பி வந்தான்.